'பிறீ சைஸ்' முகம் யாரிடம் இருக்கு?

என் மாமா வடமராட்சிக் கரையில் தொழில் செய்கிறவர். விடிய முதல் போட்டில் போய், வெயில் ஏறி உச்சிக்கு வரும்போது கரைக்கு வருவார். இரண்டு வருசத்துக்கு முதல் அவருடைய வலது கண்ணில், மூக்குப் பக்கம் இருந்து கருமணியை நோக்கி வெளிர் சிவப்பாக ஒரு சதை வளரத் தொடங்கினது. எங்கட பக்கத்தில் இதைக் 'கண்ணில சதை வளருது' என்றுதான் சொல்வார்கள். கடலிலும் வயலிலும் நிக்கிற ஆக்களிடம் நிறையக் காணலாம். வெட்டி எடுத்த டொக்டர் ஒரு விசயத்தை இரண்டு முறை சொல்லி அனுப்பினார்: இது திரும்பி வளரக் கூடியது, இனிக் கடலுக்குப் போனால் நல்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கோ.

கண்ணாடி வாங்கிக் குடுக்கிற பொறுப்பை நான் எடுத்தேன். வீட்டில் 'கம்பஸ் படிக்கிற பிள்ளை' நான்தானே. பேஸ்புக்கில் ஒரு பக்கம் கண்டேன். படத்தில் ஒரு பெடியன் ஸ்போர்ட்ஸ் பைக்குக்குப் பக்கத்தில் கண்ணாடியோடு நிக்கிறான். கீழே விவரம்: 'பிறிமியம் குவாலிற்றி. யூவி400. பொலறைஸ்ட். யுனிசெக்ஸ். பிறீ சைஸ். விலைக்கு இன்பொக்ஸ்.' யூவி400 என்று இருந்தது, பொலறைஸ்ட் என்றும் இருந்தது. வேற என்ன வேணும் என்று நினைத்து ஓடர் பண்ணிவிட்டேன்.

மாமா அதை மூன்று நாள் போட்டார். நாலாம் நாள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"என்ன மாமா, போடேல்லையோ?"

"குனிஞ்சா விழுது பிள்ளை. வலை இழுக்கேக்க ஒரு கையால இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவே? பிறகு, பக்கத்தால வெயில் அடிக்குது. முன்னால மட்டும் இருட்டு."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியதுதான். பக்கத்தால வெயில் அடிக்குது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வரக்கூடியதுதான்: யூவி400 என்றது பொய்யாக இருக்குமோ? ஸ்ரிக்கர் அடிக்க ஒரு பிறின்ரர் போதும். ஆகவே கண்ணாடியை ரவுணில் ஒரு ஒப்ரிகல் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்கிற அண்ணாவிடம் உள்ளங்கை அளவில் ஒரு யூவி மீற்றர் இருந்தது. வில்லையை, அதாவது லென்ஸை, அதற்குள் வைத்து அமத்தினார். "நல்லாத்தான் மறிக்குது தங்கச்சி. யூவியில பிரச்சினை இல்லை," என்றார்.

எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்ரிக்கர் உண்மை. ஆனால் கண்ணாடி உதவாது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று விளங்கத்தான் எனக்கு நாள் எடுத்தது.

யூவி400 என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்குவோம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் கழியூதாக் கதிர் என்று படித்தோமே, அதுதான் யூவி. ஒளியின் அலை நீளத்தை நனோமீற்றரில் அளப்பார்கள். ஏறத்தாழ 400 நனோமீற்றருக்குக் கீழே போனால் எங்கள் கண்ணுக்குத் தெரியாத கழியூதா தொடங்கிவிடும். யூவி400 என்றால், அந்த 400 வரைக்கும் உள்ள கதிரை வில்லை மறிக்கும் என்று அர்த்தம். அவ்வளவுதான். அது வில்லை எவ்வளவு கறுப்பு என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் எங்களில் பலர் குழம்புகிறோம். கறுப்பு வேற, யூவி வேற. கண்ணுக்குத் தெரியாத கதிரை மறிக்கிற வேலையை வில்லை செய்யப்பட்ட பொருளும், அதற்குள் கலந்த அல்லது மேலே பூசின பதார்த்தமும் செய்கின்றன. நிறத்துக்கு அதில் வேலை இல்லை. பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக் தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தாலும் யூவியில் மிகப் பெரும் பங்கை மறித்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் செய்த வில்லையோ, கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்குப் பக்கத்தில் இருக்கிற யூவியில் ஒரு பகுதியை விட்டுவிடலாம். அப்படி ஒன்றைப் போடுவது போடாமல் விடுவதை விட மோசமாகவும் முடியலாம். இருட்டாகத் தெரிவதால் கண்மணி விரியும், கண்ணைச் சுருக்கவும் மாட்டோம். அந்தத் திறந்த வாசலால் யூவி உள்ளே போகும்.

கறுப்புக்குத் தனி அளவு இருக்கிறது. சர்வதேச தரத்தில் வில்லைகளை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். கற்றகரி 3 என்றால் வருகிற வெளிச்சத்தில் 8 முதல் 18 வீதம்தான் உள்ளே வரும். எங்கட வெயிலுக்கும் கடலுக்கும் அது காணும். கற்றகரி 4 அதைவிட இருட்டு, 3 முதல் 8 வீதம். அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. அவுஸ்திரேலியாவில் இந்த வகையைக் கண்ணாடியில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். கண்ணாடிக்குத் தேசியத் தரம் என்று ஒன்றை 1971இலேயே எழுதின நாடு அது. எங்கட பேஸ்புக் பக்கங்களில் 'டார்க் பிளக்' என்பதற்கு மேல் ஒரு சொல் நான் காணவில்லை.

பொலறைஸ்ட் என்பது மூன்றாவது விசயம். அதுக்கும் யூவிக்கும் சம்பந்தம் இல்லை. தண்ணியிலும் தார் ரோட்டிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் கிடைப்பக்கமாக அதிரும். அந்த வெளிச்சத்தை மட்டும் வடிக்கிற ஒரு படலம் வில்லைக்குள் இருக்கும். கடலில் இது பெரிய விசயம். கண் கூசாமல் வலையின் மிதப்புகளைக் காணலாம். உண்மையா என்று பார்க்க மெசின் வேண்டாம். உங்கட பழைய கல்குலேற்றரை எடுங்கோ. கண்ணாடிக்குள்ளால் அதன் திரையைப் பார்த்துக்கொண்டு கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கோ. ஒரு கோணத்தில் எழுத்துகள் மறைந்து திரை கறுத்தால் பொலறைஸ்ட். எவ்வளவு சுழற்றினாலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் சாயம்.

யூவிக்கும் ஒரு வீட்டுச் சோதனை இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கு. காசுத்தாளில் யூவி ரோர்ச் அடித்தால் சில நூல்களும் எழுத்துகளும் மினுங்கும். ரோர்ச்சுக்கும் தாளுக்கும் நடுவில் வில்லையைப் பிடித்தால், மினுக்கம் போய்விட்டால் வில்லை மறிக்கிறது. உங்கட கண்ணுக்கும் தாளுக்கும் நடுவில் பிடித்தால் அது சோதனையே இல்லை, கறுப்புக்குள்ளால் எதைப் பார்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும். பொறி என்னவென்றால், மலிவாக வாங்குகிற ரோர்ச்சுகள் பல 395 நனோமீற்றரில் எரிபவை. அது 400இன் வாசற்படி. கொஞ்சம் மினுங்கினால் உடனே 'டூப்' என்று கத்த வேண்டாம். 365 என்று எழுதின ரோர்ச்தான் உருப்படியான பதில் சொல்லும். அதைவிட ஒப்ரிகல் கடையில் மீற்றர் இருக்கா என்று கேட்பது சுகம்.

இப்ப மாமாவின் வசனத்துக்கு வருவோம்.

ஸ்ரிக்கர் சொல்வது வில்லைக்குள்ளால் வருகிற வெளிச்சத்தைப் பற்றி மட்டும்தான். வில்லையைச் சுத்தி வருகிற வெளிச்சத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, சொல்லவும் ஏலாது. ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலும்தான் வருகிறது. கடற்கரைக் காய்ந்த மணல் யூவியில் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி அடிக்கும், கடல் நுரை 25 வீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேலே இருந்து வருவது போதாதென்று கீழே இருந்தும், பக்கத்தில் இருந்தும்.

பக்கத்தால் வருவதில் ஒரு விசேசம் இருக்கிறது. எனக்கு இந்த விசயத்தில் ஆர்வம் வந்ததே இதை வாசித்த பிறகுதான். சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் இருந்து வளர்கிறது? வெயில் நேரே முகத்தில் பட்டால் இரண்டு பக்கமும் வளர வேண்டும். உண்மையில் மூக்கு அந்தப் பக்கத்துக்கு நிழல்தான் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் மைனாஸ் கொரோனியோ என்ற அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் இதுக்கு ஒரு விளக்கம் வைத்தார். கண்ணின் முன்பக்கம் இருக்கிற வளைந்த படலமே ஒரு வில்லை. காதுப் பக்கத்தில் இருந்து சரிவாக வருகிற வெளிச்சத்தை அது வளைத்து, எதிர்ப்பக்கத்தில், அதாவது மூக்குப் பக்கத்து ஓரத்தில், ஒரு புள்ளியில் குவிக்கும். சின்ன வயதில் கைவில்லையால் வெயிலைக் குவித்துக் கடதாசி எரித்திருப்பீர்களே, அதே வேலை. குவிகிற இடத்தில் யூவி பல மடங்கு கூடும். சதை கிளம்புவதும் அங்கேதான்.

அப்படியென்றால் மாமாவுக்குத் தேவையான கண்ணாடியில் மிக முக்கியமான பகுதி, வில்லைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி. அதைப் பற்றி விவரத்தில் இருந்த ஒரே தகவல்: பிறீ சைஸ்.

உங்கட கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டுகிற கையின் உட்பக்கத்தைப் பாருங்கோ. மூன்று இலக்கங்கள் இருக்கும். என்னுடையதில் 51□17-140 என்று இருக்கு. இத்தனை வருசம் அதை மொடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். ஒப்ரிகல் அண்ணாதான் சொன்னார், அது மில்லிமீற்றர். முதலாவது ஒரு வில்லையின் அகலம். சதுரப் பெட்டிக்குப் பிறகு வருவது இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் உள்ள தூரம், மூக்குப் பாலம். கடைசி, கையின் நீளம், பிணைச்சலில் இருந்து காதுக்குப் பின்னால் வளைந்து முடிகிற நுனி வரை.

மாமாவிடம் ஒரு வாசிப்புக் கண்ணாடி இருக்கு. வருசக்கணக்காகப் பாவிக்கிறார், குனிந்தாலும் விழாது. அதில் 50□20-140. வாங்கின கறுப்புக் கண்ணாடியில் 62□14-135. இரண்டையும் மேசையில் வைத்து அடிமட்டத்தால் அளந்தேன்.

வாசிப்புக் கண்ணாடி: 50, 50, நடுவில் 20. கூட்டினால் 120. ஆனால் இது முழு அகலம் இல்லை. வில்லைக்கு வெளியே பிறேமின் ஓரமும் பிணைச்சல் மூலையும் இருக்கு, அதை எந்த இலக்கமும் சொல்லாது. ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு அடிமட்டம் காட்டினது 134. கறுப்புக் கண்ணாடி: 62, 62, 14. கூட்டினால் 138. மூலையே சேர்க்க முதல் அது மாமாவுக்குப் பொருந்துகிற முழுக் கண்ணாடியைவிட அகலம். அடிமட்டத்தில் 149.

15 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒரு பக்கத்துக்கு ஏழரை. ஒரு சுண்டுவிரல் நுனி போகிற இடைவெளி. மாமா ஒடுங்கின முகம் உள்ளவர். அந்தக் கைகள் அவர் தலையைத் தொடாமல் காதில் சும்மா தொங்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. விழாமல் என்ன செய்யும்?

பாலத்தையும் பாருங்கோ. மாமாவின் மூக்கு 20க்குப் பழகின அகல மூக்கு. 14 பாலம் அதில் கீழே இறங்காது, மேலே முட்டிக்கொண்டு நிக்கும். உலோகப் பிறேம் என்றால் மூக்கில் உட்காரும் சின்னச் சிலிக்கன் பாட்களை விரித்துச் சரிசெய்யலாம். இது முழுப் பிளாஸ்ரிக், பாட் இல்லை, விரிக்க ஒன்றுமில்லை. ஆகவே பிறேம் முகத்தை விட்டு முன்னுக்குத் தள்ளி நின்றது. பக்கத்து இடைவெளி போதாதென்று கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவிலும் இடைவெளி. வில்லை எவ்வளவு பெரிசாக இருந்தாலும் முகத்தை விட்டுத் தள்ளி நின்றால் அது குடை இல்லை, பதாகை.

பெரிய வில்லை என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று நானும் நினைத்தேன். முகத்தோடு ஒட்டி இருந்தால் அது உண்மை. மாமாவின் விசயத்தில் பெரிசு என்பதே சிக்கல். இந்த வகை அகலக் கண்ணாடிகள் பல, உயர்ந்த மூக்கும் அகன்ற தலையும் உள்ள ஒரு முகத்தை நினைத்துச் செய்யப்பட்டவை போலத்தான் இருக்கின்றன. மூக்கு மேடு தாழ்ந்தவர்களுக்கு அவை கன்னத்தில் உட்காரும், சிரித்தால் மேலே எழும்பும். என் தோழி ஒருத்தி தன் முகத்தில் ஏதோ பிழை என்று இரண்டு வருசம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிழை பிறேமில். பாட் உள்ள உலோகப் பிறேமுக்கு மாறின பிறகு அந்தப் பிரச்சினை அவளுக்கு இல்லை.

கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால் கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்க்கிறதோடு நிற்காதீங்க. நிலத்தைப் பார்த்துக் குனியுங்கோ. பெரிசாகச் சிரியுங்கோ. இமை மயிர் வில்லையில் படுதா பாருங்கோ. ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெற்றையும் கொண்டுபோங்கோ. கை தடிப்பாக இருந்தால் ஹெல்மெற்றுக்குள் அது காதுக்கு மேலே அழுத்தி அரை மணித்தியாலத்தில் தலையிடி தரும். பிறகு வெளிச்சமான இடத்தில் நின்று, கண்களைப் பக்கவாட்டில் திருப்பி, எவ்வளவு வெளிச்சம் சுத்தி வருகிறது என்று பாருங்கோ. நம்பர் போட்டு வெயில் கண்ணாடி செய்கிறவர்களுக்கு ஒரு விசயம் கூட: வில்லை அகலத்தையும் பாலத்தையும் கூட்டின தொகை, உங்கட இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலான தூரத்தைவிட மிகவும் கூடினால், மைனஸ் நம்பர் வில்லையின் வெளி ஓரம் தடித்துப் பாரமாகும். மாமாவுக்கு வாங்கினதில் அந்தத் தொகை 76. பெரும்பாலான ஆக்களின் கண்மணித் தூரம் அறுபதுகளுக்குள்தான்.

ஒன்லைனில் வாங்கும்போது போட்டுப் பார்க்க முடியாது. அங்கே விவரம்தான் முகம். அந்த விவரத்தில்தான் ஒன்றும் இல்லை.

இதை எழுத யோசித்தபோது ஒரு சங்கடம் இருந்தது. இந்தப் பக்கங்களை நடத்துவது யாரோ பெரிய முதலாளிகள் இல்லை. எங்கட பற்சிலேயே ஒருத்தி செய்கிறாள். போர்டிங் காசு கட்டுவது அதில்தான். அவளிடம் கேட்டேன், ஏன் அகலம் போடுவதில்லை என்று.

"எங்களுக்கே கொழும்பில இருந்து பெட்டியாத்தான் வருதடி. அவங்கள் அனுப்புற போட்டோவையும் கப்ஷனையும் அப்பிடியே போடுறன். ஆக்கள் கேக்கிறது விலையும் கலரும்தான். ஒருத்தரும் அகலம் கேட்டதில்லை."

அவள் சொன்னதில் பாதி நியாயம். கேட்காத கேள்விக்கு யார் பதில் எழுதுவார்கள்? ஆனால் மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. பிறேமின் கையில் மூன்று இலக்கம் இருக்கு, பார்த்து எழுத ஒரு நிமிசம் போகாது. அந்த இலக்கம் இல்லாத மலிவுப் பிறேம்களுக்கும் அடிமட்டம் போதும். சேர்ட் விற்கிறவர்கள் நெஞ்சளவு போடாமல் இருக்க முடியாத காலம் இது. சேர்ட் தொளதொளவென்றால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடி தொளதொளவென்றால் அது அதன் வேலையைச் செய்யவில்லை. திருப்பி எடுப்பதும் இல்லை. 'பிறீ சைஸ்' என்று எழுதுவது அளவு தெரியாது என்பதற்கு ஒரு மரியாதையான பெயர்.

எப்படி எழுதலாம் என்று அவளுக்கே ஒன்று எழுதிக் காட்டினேன். நான் மாமாவுக்கு வாங்கின அதே கண்ணாடிக்கு:

'கருநிறப் பிளாஸ்ரிக் பிறேம், மூக்குப் பாட் இல்லை. 62□14-135. முன்பக்க முழு அகலம் 149 மில்லிமீற்றர். அகன்ற முகத்துக்கும் ஒடுங்கின உயர்ந்த மூக்குக்கும் பொருந்தும், ஒடுங்கின முகத்தில் வழுக்கும். வில்லை சாம்பல் நிறம், பொலறைஸ்ட், யூவி400 மீற்றரில் பார்த்தது. தட்டை வில்லை, பக்கவாட்டில் மூடாது. இரவில் ஓடப் பாவிக்க வேண்டாம்.'

கற்றகரி எழுதவில்லை, ஏனென்றால் பெட்டியில் எங்கேயும் அது இல்லை. அதையும் 'வகை குறிக்கப்படவில்லை' என்று எழுதலாம் என்றேன். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "இதை வாசிச்சா ஆர் வாங்குவினம்?" அகன்ற முகம் உள்ளவர்கள் வாங்குவார்கள். மாமா மாதிரி ஆக்கள் வாங்க மாட்டார்கள். அதுதானே சரி?

விலை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கொமென்றில் கட்டாயம் வரும். விலை கூடினதால் யூவி கூடுதலாக மறிக்கும் என்று இல்லை. மலிவுப் பிளாஸ்ரிக் வில்லைகள் பல நன்றாகவே மறிக்கும், மாமாவுடையதே சாட்சி. மலிவில் அடிபடுவது பெரும்பாலும் வில்லையின் நேர்த்தி. கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கதவு நிலையின் நேர்கோட்டை அதற்குள்ளால் பார்த்து மெல்ல அசையுங்கோ. கோடு நெளிந்தால் அதை நெடுநேரம் போட்டால் கண் நோகும். பிராண்ட் பெயர் அடித்த நகலுக்குக் காசு குடுப்பதைவிட, பெயர் இல்லாத, கோடு நெளியாத ஒன்றுக்குக் குடுக்கலாம்.

மாமாவுக்கு இரண்டாவதாக வாங்கினதை நான் அடிமட்டத்தோடு போய்த் தேடினேன். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு தானே அளக்கத் தொடங்கினார். முழு அகலம் 136, பாலம் 19. முகத்தைச் சுத்தி வளைந்து போகிற வகை, அதனால் காதுப் பக்கம் மூடியிருக்கும். மண்ணிற வில்லை, கற்றகரி 3, பொலறைஸ்ட். பின்னால் தலையில் கட்டக் கயிறு. ஸ்ரைல் என்று சொல்ல ஒன்றுமில்லை, மச்சான் பார்த்துவிட்டுக் 'கிரிக்கெற் அம்பயர்' என்றான்.

மாமாவுக்கு இதிலும் ஒரு முறைப்பாடு இருக்கு. போட்டில் வைத்திருக்கிற ஜீபிஎஸ் திரை ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துப்போகுதாம். பொலறைஸ்ட் வில்லை கல்குலேற்றருக்குச் செய்வதைத்தான் அதுக்கும் செய்கிறது. தலையைக் கொஞ்சம் சரித்துப் பார்க்கச் சொன்னேன். "கடலுக்க நிண்டு தலையைச் சரிச்சுக்கொண்டு நிக்க எனக்கென்ன விசரே," என்றார். திரை பார்க்க வேணுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏத்துகிறார், பிறகு இறக்குகிறார். ஆனால் போடுகிறார். குனிந்தால் விழுவதில்லை.

எங்கட பற்ச்காரி போன கிழமை ஒரு புதுப் பிறேமைப் போட்டிருந்தாள். படத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒரு அடிமட்டம். 'முன்பக்க முழு அகலம் 141, பாலம் 18' என்று எழுதியும் இருந்தாள். அதுக்குக் கீழே வந்த முதல் கொமென்ற்: 'விலை இன்பொக்ஸ்.'